நவக்கிரக யாத்திரை: முதல் நாள் மாலை பஸ்ஸில் பேசியது

எல்லோருக்கும் வணக்கம். இரவு பத்து மணிக்குள் கும்பகோணம் சேர்ந்துவிடுவோம், இரண்டு இரவும் அங்கேதான் தங்கல். காலை ஐந்தரைக்கு பஸ் கிளம்பும். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் மூன்றையும் மதியம் நடை சாத்துவதற்குள் முடிக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் எல்லோருக்கும் ஒரு கோயில் தவறிப்போகும். மாலையில் சூரியனார் கோயில், கஞ்சனூர். மற்ற நான்கும் மறுநாள், கடைசியாகத் திருநள்ளாறு.

பஸ்ஸில் புகை, மது கூடாது. நகையை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள்.

அப்புறம், எனக்கு முக்கியமானது பெரியவர்கள். முன் நான்கு வரிசையும் அவர்களுக்குத்தான். அம்மா, ஐயா, பிரஷர், சுகர் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி டிக்கிக்குப் போய்விட்டால் வழியில் எடுக்க முடியாது. சுகர் இருப்பவர்கள் தரிசனம் முடியட்டும் என்று பட்டினி கிடக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். எப்போது கேட்டாலும் வண்டியை நிறுத்துவோம், கூச்சமே வேண்டாம். வெயிலில் கல்தரை சுடும், சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நளதீர்த்தத்தில் படி வழுக்கும். பிள்ளைகளே, ஒவ்வொரு பெரியவருடனும் ஒருவர் கைபிடித்து இறங்குங்கள்.

என் நம்பர் எழுதிய சீட்டு இப்போது வருகிறது, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.