வேலூர் மாடித்தோட்ட மடல்

மாதம் இரண்டு மின்னஞ்சல்: முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றுதான். கத்திரி வெயிலில் புதிதாக விதைக்க அதிகமில்லை.

அந்தந்தப் பருவத்தில் வேலூர்ப் பக்கம் என்ன விதைக்கலாம், எந்தப் பூச்சி வரும் என்று எழுதுவோம். உதாரணமாக, இலவம்பாடி முள்ளு கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கும். வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி அழித்துவிட வேண்டும். காய்கறி விலை நிலவரம் வராது.

ஆடியிலும் தையிலும் எங்கள் விதை விற்பனை அறிவிப்பு ஒவ்வொன்று கூடுதலாக வரும். அது விளம்பரம்தான், தலைப்பிலேயே ‘விற்பனை’ என்றிருக்கும்.

உங்கள் மின்னஞ்சல் முகவரி:

மாதம் இரண்டு மடல் அனுப்புங்கள்

பதிந்ததும் வரும் மின்னஞ்சலில் இணைப்பை அழுத்தினால்தான் பதிவு முடியும். காணோமா? ஸ்பாமில் பாருங்கள். விலகும் இணைப்பு ஒவ்வொரு மடலின் அடியிலும் உண்டு.