மூணு மணி சுண்டல்

நைட் ஷிஃப்ட்ல விடியக்காலை மூணு மணிதான் ரொம்ப மோசம், வார்டு அமைதியா இருக்கும், வயிறு மட்டும் கத்தும், நானும் நாலு வருஷமா வெண்டிங் மெஷின்ல கப் நூடுல்ஸும் மைலோவும் வாங்கிக் குடிச்சே ஓட்டிட்டேன். டியூட்டி முடிஞ்சு காப்பிக்கடையில ரெண்டு முட்டை பரோட்டா, ஒரு தே தாரேக், அப்புறம் நேரா படுக்கை.

போன மார்ச்ல செக்கப், சுகர் பார்டர்லைன்னு வந்துச்சு. எனக்கு 34 வயசு. சுகராலதான் அப்பாவுக்கு கால் விரல் எடுத்தாங்க, அந்தப் புண்ணுக்கு தினமும் கட்டு போட்டது நான்தான். அன்னைக்கு ரிப்போர்ட்டை கைல வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அம்மாகிட்ட சொன்னேன். "சமைக்கிறேன்டி, எடுத்துட்டுப் போ"ன்னாங்க. முதல் நாள் சாம்பார் பையில கொட்டி யூனிஃபார்ம் முழுக்க மஞ்சள். ரெண்டாவது நாள் நிறைய சோறு, சாப்பிட்டதும் கண்ணு சொக்கிடுச்சு, மருந்து கொடுக்கிற நேரத்துல அது ஆபத்து. அப்புறம் வார்டுல ஒரு சீனியர் அக்கா சொன்னாங்க, "பெரிய சாப்பாட்டை வீட்லயே முடிச்சிடும்மா, ராத்திரில உடம்பு சர்க்கரையை சரியா சமாளிக்காது, ரெண்டு சின்ன டப்பா போதும்." அதுலேர்ந்து ஆறரைக்கு வீட்ல சோறு, கீரை, மீன். ஒரு மணிக்கு தயிரும் வெள்ளரிக்காயும். மூணு மணிக்கு சுண்டலும் அவிச்ச முட்டையும். குழம்புன்னு எதுவுமே பையில ஏறக்கூடாது, அதுல நான் ரொம்ப கறார்.

நடக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு. பகல்ல தூங்கி எழுந்தா உடம்பு கல்லு மாதிரி கனக்கும். எங்க பிளாக்லேர்ந்து பிஷான் - அங் மோ கியோ பார்க் பத்து நிமிஷம், ஏழு மணிக்கு மேல வெயில் அடங்கியிருக்கும், காலாங் ஆத்தோரமா காத்து வரும். முன்னாடி அது வெறும் சிமெண்ட் கால்வாய், 2012ல தான் இப்படி புல்லும் கல்லுமா மாத்தினாங்க, அம்மாவுக்கு அந்தப் பழைய கால்வாய் நல்லா ஞாபகம் இருக்கு. ஆமா, அம்மாவும் வர்றாங்க. ஒரே வீட்ல இருந்தும் நான் தூங்கும்போது அவங்க முழிச்சிருப்பாங்க, அவங்க தூங்கும்போது நான் வார்டுல, வருஷக்கணக்கா சரியா பேசினதே இல்ல. இப்ப தினமும் அரை மணி நேரம், மாமா வீட்டுக் கதை, தேக்கா மார்க்கெட் மீன் விலை, அப்பா.

நேத்து ஆத்துல நீர்நாய் குடும்பம் ஒண்ணு நீந்திச்சு. அம்மா நின்னு குட்டிங்களை எண்ணிட்டே இருந்தாங்க, எனக்கு எட்டேகால் பஸ், இருந்தாலும் அவசரப்படுத்த மனசு வரல.

பஸ் வந்ததும் பையை என் தோள்ல மாட்டி விட்டாங்க. "சுண்டல்ல உப்பு கம்மிதான்டி. மூணு மணிக்கு சாப்பிடும்போது என்னைத் திட்டாத."

"திட்ட மாட்டேம்மா. போய்த் தூங்குங்க."