சமூகவியல் அறிமுகம்: முதலாம் பருவத் தேர்வு, பகுதி ஆ விடைகள்

(இளங்கலை முதலாம் ஆண்டு. குடும்பம், பாலினம், சமூக மாற்றம். ஏதேனும் நான்கு வினாக்களுக்குச் சுருக்கமாக விடையளிக்க.)

11. கூட்டுக் குடும்பத்தின் இயல்புகள் யாவை? தனிக்குடித்தனம் போவதாலேயே கூட்டுக் குடும்பம் அழிந்துவிடுகிறதா?

ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு, இவற்றால் பிணைந்த உறவினர் குழு என்று கூட்டுக் குடும்பத்தை ஐராவதி கார்வே வரையறுத்தார். இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் மகன் சென்னைக்கு வேலைக்குப் போய் வாடகை வீட்டில் உலை வைத்த நாளிலேயே குடும்பம் உடைந்துவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும். ஆனால் அவர் மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். தங்கை கல்யாணக் கடனில் பங்கு ஏற்கிறார். குலதெய்வக் கோயில் வரி இன்னும் அப்பா பெயரில் ஒரே தலைக்கட்டாகத்தான் போகிறது.

குஜராத்தின் மகுவா ஊரை ஆய்ந்த ஐ. பி. தேசாய், வசிப்பிடத்தை மட்டும் பார்க்காமல் சொத்தையும் ஒருவருக்கொருவர் செய்யும் கடமைகளையும் பார்க்க வேண்டும் என்றார். தமிழ்நாட்டு நிலைக்கு அவர் பார்வையே பொருந்துகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுவது வீட்டை. அந்த வீட்டுக்கு வெளியே நீளும் கடமை அதில் வராது. எனவே சிறு வீடுகள் பெருகின என்ற புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக் கூட்டுக் குடும்பம் அழிந்தது என்று முடிவு கட்ட முடியாது.

12. குடும்பம் பற்றிய மர்டாக்கின் வரையறைக்கு ஒரு விதிவிலக்குத் தருக.

பொது வசிப்பிடம், பொருளாதார ஒத்துழைப்பு, இனப்பெருக்கம் மூன்றும் சேர்ந்ததே குடும்பம் என்றார் மர்டாக் (1949). மத்திய கேரள நாயர்களின் பழைய தறவாடு இதற்கு அடங்காது. கணவர் தம் தாய்வீட்டிலேயே இருப்பார், மனைவியிடம் வந்துபோவார். பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். நிர்வாகம் தாய்வழி மூத்த ஆணான காரணவர் கையில். வம்சம் பெண் வழி வந்தாலும் அதிகாரம் ஆணிடமே இருந்ததால், தாய்வழி முறையைப் பெண்ணாட்சி என்று எழுதுவது தவறு.

14. வீட்டுவேலைப் பங்கீட்டைப் பாலினப் பங்கு என்ற கருத்தைக் கொண்டு விளக்குக.

பால் உடல் சார்ந்தது, பாலினம் சமூகம் கற்றுத்தருவது. பிள்ளை பெறுவது முதல் வகை. பாத்திரம் தேய்ப்பது இரண்டாம் வகை. ஆண் வெளியே ஈட்டுவதும் பெண் வீட்டில் அரவணைப்பதும் குடும்பம் குலையாமல் இருக்க உதவும் பங்கீடு என்றார் பார்சன்ஸ். 1950களின் அமெரிக்க நடுத்தர வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னது அது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலி வாங்கிவந்து, பிறகு அடுப்பையும் பற்றவைக்கும் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்கள் ஒரு நாளில் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். பெண் சம்பாதிக்கப் போனதும் வீட்டுவேலை தானாகப் பங்குபோடப்படவில்லை. அவள் நாள்தான் நீண்டது. கல்யாணப் பந்தியில் ஆண்கள்தான் சமைக்கிறார்கள். சமையல் பெண்ணின் இயல்பு என்றால், கூலி கிடைக்கும் இடத்தில் மட்டும் கரண்டி எப்படிக் கைமாறியது என்று கேட்கலாம்.

15. பண்பாட்டுப் பின்னடைவை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

பொருள்சார் பண்பாடு விரைவாக மாற, வழக்கமும் நம்பிக்கையும் பின்தங்குவதை ஆக்பர்ன் 1922இல் பண்பாட்டுப் பின்னடைவு என்றார். அவர் பேசியது பெரும்பாலும் தொழில்நுட்பம் பற்றி. சட்டத்தையும் பின்தங்கும் பக்கத்திலேயே வைத்தார். மகளின் சொத்துரிமையிலோ சட்டம் முந்திக்கொள்ள, வழக்கம் பிந்துகிறது.

தமிழ்நாட்டின் 1989 திருத்தம், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளையும் பிறப்பாலேயே பங்காளியாக்கியது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005இன் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது.

இருந்தும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. "நகையும் சீரும் போட்டாச்சு, அதுவே உன் பங்கு" என்பது வீட்டார் வாதம். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கேட்டால் பிறந்தவீட்டு வாசல் அடைபடும்; காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி கிடைக்காது; புகுந்தவீட்டில் தகராறு வந்தால் போய் நிற்க இடம் இருக்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பல பெண்கள் கையெழுத்திடுகிறார்கள். வாசல் அடைபட்டாலும் பிழைக்கலாம் என்ற வருமானம் உள்ளவர்களே பாகப்பிரிவினை வழக்குப் போடத் துணிகிறார்கள்.