அதிரச வகுப்பு: மூன்று பேட்ச், சாமான் கணக்கு

அக்கா, நேற்று ராத்திரியோடு பதிவை முடித்துவிட்டேன். கேட்டவர்கள் 19 பேர், பணம் கட்டியவர்கள் 14 பேர். 14 பேருக்கு மட்டும்தான் சாமான். போன தடவை கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஊறப்போட்டு, இரண்டு கிலோ ஈரமாவு புளித்துப்போனது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மீதி ஐந்து பேரிடம் அடுத்த வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டேன்.

நம்மிடம் ஆறு பர்னர். ஒன்று எனக்கு, ஐந்து அவர்களுக்கு. அதனால் ஒரு பேட்சில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பாகை ஆளுக்கு ஆள் தன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிற காரியமில்லை இது.

சனி காலை 10 மணி (5 பேர்): எல்லோரும் புதுசு. அரிசி காலை 6 மணிக்கு ஊற வேண்டும்.

சனி மதியம் 3 மணி (5 பேர்): வீட்டில் செய்து எண்ணெயில் பிரிந்துபோனவர்கள். இவர்களுக்குப் பாகில்தான் நேரம் அதிகம் போகும். அரிசி 11 மணிக்கு.

ஞாயிறு காலை 10 மணி (4 பேர்): அம்மாவும் மகளும், அப்புறம் வயதான இரண்டு பேர். நாற்காலி போட்டுவிடுங்கள். மகளுக்கு எள் ஒத்துக்கொள்ளாது, அதனால் மூன்று பேட்சிலுமே எள் கிடையாது.

ஒரு பங்கு என்றால் மாவுப் பச்சரிசி 250 கிராம், வெல்லம் 200 கிராம், ஏலக்காய் 2, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை. செய்துகாட்ட பேட்சுக்கு ஒரு பங்கு எனக்கும் வேண்டும். ஆக, சனிக்கிழமை இரண்டு பேட்சுக்கும் ஒன்றரைக் கிலோ வீதம் அரிசி, 1.2 கிலோ வீதம் வெல்லம். ஞாயிறுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி, ஒரு கிலோ வெல்லம்.

அன்றைக்குப் பிசைந்த மாவை அன்றைக்கே சுட முடியாது, அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். சுட்டுப் பார்க்க நாம் வியாழக்கிழமையே ஒன்றரைக் கிலோ அரிசியில் மாவு பிசைந்து வைத்துவிடலாம். அதற்கு வெல்லம் 1.2 கிலோ.

மொத்தம் அரிசி 5.75 கிலோ, வெல்லம் 4.6 கிலோ. யாருக்காவது பாகு முறுகிவிட்டால் திரும்பக் காய்ச்ச வேண்டும், அதனால் வெல்லம் 5 கிலோவாக வாங்கட்டும். கடலை எண்ணெய் 3 லிட்டர், நெய் 200 கிராம், ஏலக்காய் 15 கிராம். தம்பி நாளைக்குக் கீழமாசி வீதிக்குப் போகிறான். பாகு வெல்லம் என்று கேட்டு, ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம்.

மூன்று பேட்சுக்கும் சேர்த்து அரிசியை ஒரே தடவையில் ஊறப்போட்டுவிடாதீர்கள், அக்கா. இரண்டு மணி நேரம் ஊறியதும் வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்புங்கள். பிடித்தால் கையில் ஒட்ட வேண்டும், தண்ணீர் மட்டும் தெரியக்கூடாது. அந்த ஈரத்திலேயே மில்லுக்குப் போய்விட வேண்டும். தீபாவளிக் கூட்டம் இருக்கும், மில்காரரிடம் மூன்று நேரத்தையும் இன்றே சொல்லிவையுங்கள்.

ஒவ்வொரு அடுப்புப் பக்கத்திலும் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். பாகை அதில் விட்டு விரலால் கூட்டினால், பழுத்த தக்காளி மாதிரி மெத்தென்று திரண்டு நிற்க வேண்டும். அதை 14 பேரும் விரலில் உணர்ந்த பிறகுதான் மாவைக் கொட்ட விடுவேன்.