2025 நவம்பர் 9ஆந் திகதித் தொலைபேசி உரையாடலின் எழுத்துப் பதிவு

கல்லடி, மட்டக்களப்பு
2025 நவம்பர் 10, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய யோகநாதன் ஐயா அவர்களுக்கு,

தங்களுடைய கல்லடி வீட்டின் திருத்த வேலைகளையும் முற்பணத்தையும் பற்றி நேற்று, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.14 மணிக்கு, திருகோணமலையில் இருந்த தங்களுடன் நான் பேசியவற்றை இதில் எழுதி வைக்கிறேன். உரையாடல் 6 நிமிடம் 48 செக்கன் நீடித்தது. பேச்சைப் பதிவு செய்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். "செய்ங்க மகள், அதால ஒண்டுமில்ல" என்று தாங்கள் சம்மதித்தது பதிவில் தெளிவாக உள்ளது. Call_20251109_1814.m4a என்ற அந்தக் கோப்பை வெட்டாமல், மாற்றாமல் வைத்திருக்கிறேன்; அதன் பிரதியை இக்கடிதத்துடன் தங்கள் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பியுள்ளேன். கீழே மேற்கோளுக்குள் இருப்பவை தங்கள் வாய்ச்சொற்கள். மற்றவை நான் விளங்கிக்கொண்டபடி எழுதியவை.

முதலாவது கூரை. முன் அறையின் கிழக்குப் பக்கத்தில் மூன்று ஓடுகள் வெடித்திருக்கின்றன, அவற்றின் கீழுள்ள சலாகை ஒன்று உக்கிவிட்டது, மழை பெய்தால் அந்த இடத்திலிருந்து ஒழுகும் தண்ணீர் சுவர் வழியே இறங்கி சுவிட்ச் போர்ட்டின் மேல் விளிம்பு வரை வந்து நிற்கிறது என்று சொன்னேன். ஒக்டோபர் இறுதியில் பெய்த மழையில் ட்ரிப் சுவிட்ச் இரண்டு முறை விழுந்ததையும், அந்த அறையில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அதற்குத் தாங்கள், "சனிக்கிழமைக்குள்ள மேசன அனுப்புறன், ஓடும் சலாகையும் என்ட செலவு" என்றீர்கள் (பதிவில் 2 நிமிடம் 10 செக்கன்). திகதி சொல்லப்படவில்லை, அழைப்பு ஞாயிற்றுக்கிழமை நடந்ததால் அதை நவம்பர் 15 என்று கொண்டுள்ளேன். வேறு சனிக்கிழமையைக் கருதியிருந்தால் தயவுசெய்து இப்போதே அறியத் தாருங்கள். வடகீழ்ப் பருவமழை இனி ஓயப்போவதில்லை, மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கிழமை தாமதம் சிறிய விடயமல்ல. ஓடு மாற்றிய பின் சுவிட்ச் போர்ட்டை மின்வேலை தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்றும் கேட்டேன். "அதையும் பாப்பம்" என்றீர்கள். இதை நான் உறுதிமொழியாகப் பதியவில்லை. உறுதியாகச் சொல்லும்படி இக்கடிதத்தில் மீண்டும் கேட்கிறேன்.

தண்ணீர் மோட்டருக்கு ஓகஸ்டில் கொயில் சுற்றியதற்கு நான் கொடுத்த 8,500 ரூபாவை "இந்த மாச வாடகையில கழிங்க" என்றீர்கள் (3 நிமிடம் 40 செக்கன்). அதன்படி 30,000 ரூபாவில் அதைக் கழித்து, நவம்பர் மாத வாடகையாக 21,500 ரூபாவை இன்று தங்கள் வங்கிக் கணக்கில் வைப்பிட்டேன். பற்றுச்சீட்டின் படம் இணைக்கப்பட்டுள்ளது.

முற்பணத்தில் நாம் உடன்படவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டுக்கு வரும்போது ஆறு மாத வாடகையான 180,000 ரூபாவை நான் கொடுத்ததைத் தாங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். டிசம்பர் 31இல் ஒப்பந்தம் முடிந்து சாவியை ஒப்படைக்கும்போது, பெயின்ற் அடிக்க 25,000 ரூபாவைக் கழித்து மிகுதி 155,000 ரூபாவைத் தருவதாகச் சொன்னீர்கள். முன் அறைச் சுவர் கறைபட்டதும் பூச்சு உரிந்ததும் கூரை ஒழுக்கினால் ஏற்பட்டவை, நாங்கள் பாவித்ததால் வந்தவை அல்ல, ஆகவே அந்தச் செலவை முற்பணத்தில் கழிப்பது நியாயமாகாது என்று சொன்னேன். மற்ற அறைகளில் ஆணி அடித்த இடங்களை நாங்களே பூசித் தருவோம் என்றும் சொன்னேன். அந்தப் பொறுப்பை இப்போதும் ஏற்கிறேன். இதற்குத் தங்கள் பதில் "வந்து பாத்துட்டுச் சொல்றன்" என்பதே.

திருப்பித் தரும் நாளைப் பற்றி, "புது ஆக்கள் வந்தாப் பிறகு தாறன்" என்றீர்கள் (5 நிமிடம் 5 செக்கன்). நாம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் சாவியை ஒப்படைக்கும் நாளிலேயே முற்பணம் திருப்பித் தரப்படும் என்று இருப்பதால், இதற்கு நான் சம்மதிக்கவில்லை என்பதை அழைப்பிலேயே தெரிவித்தேன். அதை அடுத்துத் தாங்கள் சொன்ன வாக்கியம் லொறிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஊகித்து நிரப்பாமல் விட்டுவிட்டேன். அது பணம் தரும் நாளைப் பற்றியதாக இருந்தால் எழுதித் தாருங்கள்.

இதில் நான் பிழையாக விளங்கியிருப்பது ஏதும் இருந்தால், எந்தப் பந்தி என்று குறிப்பிட்டு நவம்பர் 14ஆந் திகதிக்கு முன் வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ பதில் அனுப்புங்கள். அந்தத் திருத்தத்தையும் இதனுடன் சேர்த்து வைப்பேன். இதன் கையொப்பமிட்ட பிரதி பதிவுத் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
சுமதி
வாடகைக்கு இருப்பவர்

இணைப்பு: ஒலிப்பதிவின் பிரதி, கூரையினதும் சுவிட்ச் போர்ட்டினதும் படங்கள், மோட்டர் திருத்தப் பற்றுச்சீட்டு, வங்கி வைப்புச் சீட்டு.