ஹீட் டிரான்ஸ்ஃபர்: திங்கள் முதல் ஞாயிறு வரை

தம்பிக்கு,

நீ அனுப்பிய மாடல் எக்ஸாம் பேப்பரை முழுக்கப் பார்த்தேன். நூற்றுக்கு 38. பாடம் புரியாமல் போன மார்க் அதில் கொஞ்சம்தான். கெல்வினுக்கு மாற்றாமல் விட்டது, டேபிளில் தவறான வரியைப் படித்தது, ஆவரேஜ் ஃபார்முலாவுக்குப் பதில் லோக்கல் ஃபார்முலாவைப் போட்டது, இப்படிப் போனதுதான் அதிகம். அதனால் யூனிட் ஒன்றிலிருந்து வரிசையாகப் படிக்கும் வேலை வேண்டாம்.

கேள்வித்தாளின் அமைப்பை முதலில் மனதில் வை. பார்ட் ஏ பத்துக் கேள்வி, இரண்டிரண்டு மார்க். பார்ட் பி ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் 13. பார்ட் சி ஒன்று, 15. ஆக யூனிட்டுக்கு 17 மார்க் வீதம் சமமாக வருகிறது, ஆனால் ஐந்து யூனிட்டும் ஒரே கனம் இல்லை. கண்டக்ஷனுக்கு மூன்று நாள் செலவழித்தாலும் 17தான், எல்லாரும் கடைசியில் தள்ளிவிடும் மாஸ் டிரான்ஸ்ஃபருக்கு அரை நாள் கொடுத்தாலும் அதே 17தான். இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன்.

கோத்தகிரியில் இப்போது மழை. கரண்ட் போகும். பிராப்ளம் போடுவதைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிடு. தியரியையும் இரண்டு மார்க்கையும் இரவுக்கு வை, எமர்ஜென்சி லைட்டில் டேட்டா புக் டேபிளைப் படித்தால் கண்தான் கெடும்.

திங்கள்: ஹீட் எக்ஸ்சேஞ்சர்

இதில் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம், பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும், 13 மார்க்குக்கு முழுப் பிராப்ளம் வரும், பார்ட் சி-யிலும் வர வாய்ப்பு உண்டு. காலையில் எல்எம்டிடி, மதியம் என்டியூ.

எல்எம்டிடி-யில் நீ செய்த தப்பு, கவுண்ட்டர் ஃப்ளோவுக்கும் பேரலல் ஃப்ளோ போலவே வித்தியாசம் எடுத்தது. படம் வரையாமல் கணக்கைத் தொடாதே. சூடான எண்ணெய் 90-லிருந்து 50, குளிர்ந்த தண்ணீர் 20-லிருந்து 40 என்று வைத்துக்கொள்:

```
கவுண்ட்டர்: 90-40 = 50,  50-20 = 30
LMTD = (50-30)/ln(50/30) = 39.15
பேரலல்:   90-20 = 70,  50-40 = 10
LMTD = (70-10)/ln(70/10) = 30.83
```

விடை சரியா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. எல்எம்டிடி எப்போதும் இரண்டு முனை வித்தியாசங்களுக்கு நடுவில்தான் இருக்கும், அவற்றின் சாதாரண சராசரியை விடக் குறைவாக இருக்கும். 40-க்குப் பக்கத்தில் 39.15 வந்தால் நிம்மதியாக மேலே போகலாம்.

வெளியேறும் வெப்பநிலை இரண்டுமே கொடுக்காவிட்டால் என்டியூ. அங்கே எது Cmin என்று கண்டுபிடிக்க வெறும் மாஸ் ஃப்ளோவைப் பார்க்காதே, அதை cp-யால் பெருக்கிய பிறகு பார். தண்ணீரின் cp 4187, எண்ணெயின் cp அதில் பாதிதான் இருக்கும், அதனால் குறைவாக ஓடும் தண்ணீர்கூட Cmax ஆகிவிடலாம். கண்டென்சர் என்று கேள்வியில் இருந்தால் கபாசிட்டி ரேஷியோ பூஜ்ஜியம், `ε = 1 - e^(-NTU)`, ஒரே வரி.

இரவு: ஃபவுலிங் ஃபாக்டர், கரெக்ஷன் ஃபாக்டர், எஃபெக்டிவ்னெஸ் வரையறைகள்.

செவ்வாய்: ரேடியேஷன்

பயப்படும் அளவுக்கு எதுவுமில்லை. ஃபார்முலா குறைவு, படிகள் குறைவு. மார்க் போவது கெல்வினில் மட்டும்தான். உன் பேப்பரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன், 127 டிகிரி தட்டும் 27 டிகிரி தட்டும், இரண்டும் பிளாக் பாடி. கெல்வினில் போட்டால் சதுர மீட்டருக்கு 992 வாட். நீ செல்சியஸிலேயே நான்காம் அடுக்கு ஏற்றினாய், 14.7 வந்தது. அப்படி வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதே தட்டுகளுக்கு எமிசிவிட்டி 0.8 என்றால் கீழே `1/0.8 + 1/0.8 - 1 = 1.5`, விடை 661. நடுவில் 0.05 எமிசிவிட்டி உள்ள ஷீல்டு ஒன்றை வைத்தால் 24.5 வாட். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, ஷீல்டுக்கு இரண்டு முகம் உண்டு என்பதை மறப்பது. மொத்தத் தடையில் 0.05 இரண்டு முறை வர வேண்டும்.

ஷேப் ஃபாக்டரில் சம்மேஷன் ரூல், ரெசிப்ரோசிட்டி இரண்டும் போதும். கணக்கு மூடிய பெட்டி மாதிரி வந்தால் இவை இரண்டிலேயே முடிந்துவிடும். சார்ட் பார்க்கச் சொன்னால் ரேஷியோவைத் தலைகீழாகப் போட்டுவிடாதே.

உறைபனி எதனால் என்று இரண்டு மார்க் வந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டைவிடக் கூடாது. மேகமில்லாத இரவில் தலைகுந்தா புல்வெளி வானத்துக்கு வெப்பத்தைக் கதிராக அனுப்பிக்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவது குறைவு. அதனால் மேலே காற்று பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தாலும் புல்லின் பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. மேகம் வந்த இரவில் பனி விழாது என்று தாத்தா சொல்வதும் இதேதான்.

புதன்: ஃபின், டிரான்சியன்ட் கண்டக்ஷன்

வாரத்திலேயே கடினமான நாள். முதல் நாளே இதை வைத்தால் மனம் விட்டுவிடும், கடைசியில் வைத்தால் நேரம் இருக்காது. இரண்டு யூனிட் முடித்த தைரியத்தில் உட்கார்.

ஃபினில் m கண்டுபிடிப்பதற்கு `sqrt(hP/kA)`. வட்டக் கம்பி என்றால் P/A நேராக 4/d. h = 25, k = 200, d = 10 மிமீ, நீளம் 100 மிமீ என்றால் m = 7.07, mL = 0.707, tanh 0.609, எஃபிஷியன்சி 86 சதவீதம். கால்குலேட்டரில் hyp பட்டனை அழுத்தாமல் வெறும் tan போட்டால் 0.0123 வரும். இதையேதான் உன் பேப்பரின் ஆறாம் பக்கத்தில் பார்த்தேன். எஃபிஷியன்சி வேறு, எஃபெக்டிவ்னெஸ் வேறு. முதலாவது ஒன்றைத் தாண்டாது, இரண்டாவது ஒன்றைத் தாண்டாவிட்டால் ஃபின் வைத்ததே வீண்.

டிரான்சியன்ட்டில் முதல் வேலை பயோட் நம்பர். 0.1-க்குக் கீழே என்றால் லம்ப்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. லம்ப்டு முறையில் உருண்டைக்கு Lc என்பது r/3. 12 மிமீ விட்டமுள்ள எஃகுக் குண்டு, h = 60, k = 40. Lc 0.002 மீட்டர், பயோட் 0.003. நீ ஆரத்தையே போட்டாலும் 0.009 வரும், அதுவும் 0.1-க்குக் கீழேதான், அதனால் தப்பு கண்ணில் படாது. ஆனால் பிறகு எக்ஸ்பொனென்ஷியலில் நேரம் மூன்று மடங்கு மாறிவிடும். ஹைஸ்லர் சார்ட்டுக்குப் போனால் மட்டும் முழு ஆரம். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஜன்னலில் ஒட்டு.

செமி இன்ஃபினிட் சாலிடுக்கு ஒரே ஒரு கணக்கு போட்டால் போதும்.

வியாழன்: ஃபோர்ஸ்டு கன்வெக்ஷன்

கன்வெக்ஷன் கஷ்டம் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கஷ்டம் ஃபார்முலாவைத் தேர்ந்தெடுப்பதில்தான். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் இதை மட்டும் கேட்டுக்கொள்: ஓட்டம் வெளியிலா, குழாய்க்குள்ளா? வெளியில் என்றால் பிராப்பர்ட்டி ஃபிலிம் வெப்பநிலையில், எல்லை 5 லட்சம். குழாய்க்குள் என்றால் பல்க் மீன் வெப்பநிலையில், எல்லை 2300.

60 டிகிரி தட்டு, ஒரு மீட்டர் நீளம், 20 டிகிரி காற்று, 3 மீ/வி:

```
Tf = 40°C : ν = 16.96e-6, k = 0.02756, Pr = 0.699
Re = 3 x 1 / 16.96e-6 = 1.77e5   (லாமினார்)
Nu = 0.664 Re^0.5 Pr^(1/3) = 248
h  = 248 x 0.02756 / 1 = 6.83 W/m²K
```

0.332 போட்டால் தட்டின் கடைசி முனையில் உள்ள லோக்கல் மதிப்பு கிடைக்கும், சரியாகப் பாதி. கேள்வியில் ‘ஆவரேஜ்’ என்று இருக்கிறதா என்று அடிக்கோடிட்டுப் பழகு. டேபிள் தலைப்பில் உள்ள 10⁻⁶-ஐ மறந்தால் ரெனால்ட்ஸ் நம்பர் ஒன்றுக்கும் கீழே வரும், அங்கேயே நின்று திரும்பிப் பார்.

குழாய்க்குள் டர்புலன்ட் என்றால் 0.023 ஃபார்முலா. திரவம் சூடாகிறதென்றால் n = 0.4, குளிர்கிறதென்றால் 0.3.

வெள்ளி: ஃப்ரீ கன்வெக்ஷன், அப்புறம் மாஸ் டிரான்ஸ்ஃபர்

காலையில் ஃப்ரீ கன்வெக்ஷன். காற்று என்றால் β-வுக்கு `1/Tf`, கெல்வினில். செங்குத்துத் தட்டுக்கு உயரம், கிடைக்குழாய்க்கு விட்டம். இவ்வளவுதான், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம்.

மதியம் மாஸ் டிரான்ஸ்ஃபரை இங்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. நேற்று படித்த 0.664 ஃபார்முலாவில் Nu இருந்த இடத்தில் Sh, Pr இருந்த இடத்தில் Sc போட்டால் இன்றைய பாடம் பாதி முடிந்தது. பக்கத்து ஃபேக்டரியில் தேயிலையை வாட்டும் தொட்டிக்கு அடியிலிருந்து காற்று ஊதுகிறார்களே, இலையிலிருந்து ஈரம் கிளம்புவது இதே கணக்குதான்.

மீதி இரண்டு: ஈக்விமோலார் கவுண்ட்டர் டிஃப்யூஷன், குழாயிலிருந்து தண்ணீர் ஆவியாகும் ஸ்டெஃபான் கணக்கு. ஆவியாகும் கணக்கில் ln வரும், முதலாவதில் வராது. விடை kmol-இல் வந்தால் 18-ஆல் பெருக்கி kg ஆக்க மறக்காதே. R = 8314 போட்டால் அழுத்தம் பாஸ்கலில் இருக்க வேண்டும்.

சனி: முழுப் பேப்பர்

காலை பத்திலிருந்து ஒன்று வரை, ஒரே இருப்பில். அம்மாவிடம் சொல்லி வை, நடுவில் டீ கொண்டுவர வேண்டாம். மதியம் நீயே திருத்து. தப்பான கணக்கைத் திரும்பப் போடாதே, எந்த வரியில் தடம் மாறியது என்று மட்டும் குறி.

மாலையில் எளிதாக விட்டு வைத்தவை: காம்போசிட் சுவர், சிலிண்டர், கிரிட்டிகல் ரேடியஸ் (சிலிண்டருக்கு k/h, உருண்டைக்கு 2k/h). பூல் பாய்லிங் வளைகோட்டைப் படத்தோடு ஒருமுறை வரை, நியூக்ளியேட், டிரான்சிஷன், ஃபிலிம் பகுதிகளைக் குறி. நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கும், பேப்பரில் மட்டும் ஒரு அட்மாஸ்ஃபியர் என்றால் 100.

ஞாயிறு

புதிதாக எதுவும் இல்லை. காலையில் இரண்டு மார்க் கேள்விகள், ஜன்னல் தாள். பத்து மணிக்குக் கிளம்பு. மலையில் மண் சரிந்தால் எந்தப் பக்கம் அடைப்பார்கள் என்று சொல்ல முடியாது, அதனால் திங்கள் விடியற்காலை பஸ்ஸை நம்பாதே. மேட்டுப்பாளையம் வழியாக மதியத்துக்குள் கோவை சித்தி வீட்டுக்குப் போய்விடலாம். டேட்டா புக்கில் பென்சில் குறிப்பு ஏதாவது இருந்தால் இன்றே அழித்துவிடு, ஹாலில் பிடித்தால் பேச இடமில்லை.

ஹாலில் முதலில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அப்புறம் ரேடியேஷன். ஃபின் அல்லது டிரான்சியன்ட் மூன்றாவது. கன்வெக்ஷனும் மாஸ் டிரான்ஸ்ஃபரும் அதற்குப் பிறகு, இரண்டு மார்க்கைக் கடைசி இருபது நிமிடத்துக்கு வை. பார்ட் சி-யில் உனக்குத் தெரிந்த யூனிட் வந்தால் மட்டும் அதை மேலே கொண்டுவா.

சித்தி வீட்டுக்குப் போனதும் ஒரு போன் போடு.

அக்கா