செவலைக்குத் தூக்கம் வரவில்லை

படித்துக் காட்டும் பெரியவர்களுக்கு:

ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட கதை இது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பக்கத்துப் பண்ணையையும், ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்கு மேல் மறையும் சூரியனையும் அப்படியே விட்டுவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றினேன். பழுப்பு நிறத்தால் ஹேசல் என்று பெயர் பெற்ற கன்று இங்கே செவலை. ஷெப் என்ற நாய், மணி. ஆங்கிலப் பல்லவியில் அடியின் கடைசியில் ஒலி சேர்ந்தது. நம் காது சொல்லின் தொடக்கத்திலும் அதைத் தேடும் என்பதால் மோனையும் எதுகையும் வைத்துப் புதிதாகக் கட்டினேன். தமிழில் ஆந்தை அலறும். தூங்கப் போகும் பிள்ளையின் காதில் அதை அலறவிட மனம் வரவில்லை. மெல்லப் பேச வைத்திருக்கிறேன். ஆங்கில மாடு ‘மூ’ என்கிறது. நம் மாடு என்ன சொல்லும் என்று நினைத்த நொடியில்தான் இந்தக் கதையை மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

பல்லவி வரும்போதெல்லாம் பிள்ளையையும் சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

*

மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. பண்ணையைச் சுற்றிக் கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல்வெளி.

கன்றுக்குட்டி செவலை இன்று துள்ளிக் குதித்தபோது முழங்காலில் சிராய்த்துக்கொண்டது. பண்ணைத் தாத்தா காலுக்குக் கட்டுப் போட்டு, தொழுவத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்.

“தூங்கு, செவலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூங்கும் நேரம் வந்துவிட்டது. ஆனால் சூரியன் போகவில்லை! பாதிக் கதவுக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. வைக்கோல் காதைக் குத்தியது. செவலை இந்தப் பக்கம் புரண்டது. அந்தப் பக்கம் புரண்டது.

*கண்ணும் மூடவில்லை, கனவும் வரவில்லை,*
*எங்கே போனாய் தூக்கமே, இங்கே வந்திடு பக்கமே!*

வாசலில் படுத்திருந்த மணி தலையைத் தூக்கியது.

“நான் படுப்பதற்கு முன்னால் ஒரு தடவை குரைப்பேன். லொள் லொள்! உடனே தூக்கம் வந்துவிடும். நீயும் குரைத்துப் பார்.”

செவலை வாயைத் திறந்தது. “லொ… லொ… லொம்ம்ம்!”

குரைப்பு வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

*கண்ணும் மூடவில்லை, கனவும் வரவில்லை,*
*எங்கே போனாய் தூக்கமே, இங்கே வந்திடு பக்கமே!*

பட்டியில் இருந்த கம்பளிப் பாட்டி, அசைபோடுவதை நிறுத்தினாள். அவள்தான் பண்ணையிலேயே வயதான செம்மறி ஆடு.

“குட்டிகளை எண்ணிக்கொண்டே கத்துவேன், கண்ணு. மே… ஒன்று. மே… இரண்டு. மூன்றாவது குட்டியைத் தாண்டியதே இல்லை, தூங்கிவிடுவேன்.”

செவலையும் கத்திப் பார்த்தது. “மே… மே… மேம்ம்ம்!”

*கண்ணும் மூடவில்லை, கனவும் வரவில்லை,*
*எங்கே போனாய் தூக்கமே, இங்கே வந்திடு பக்கமே!*

குட்டையிலிருந்து வாத்து அத்தை ஆடி ஆடி வந்தாள். கால் வைத்த இடமெல்லாம் ஈரம்.

“குவாக் குவாக் என்று சொல்லி, அலகைச் சிறகுக்குள் செருகிக்கொள். அவ்வளவுதான்!”

“குவா… குவா… குவாம்ம்ம்!” என்றது செவலை. செருகிக்கொள்ளச் சிறகு ஏது? மூக்கை வைக்கோலுக்குள் நுழைத்தது. அச்சூ! தும்மல்தான் வந்தது.

சூரியன் இறங்கியது. வானம் ஊதாப்பூ நிறமாயிற்று. உத்தரத்தில் இரண்டு வட்டக் கண்கள் திறந்தன. ஆந்தைத் தாத்தா.

“ஊ… ஊ… நான் இப்போதுதான் விழித்தேன், குழந்தாய். தூங்குவது எப்படி என்று என்னைக் கேட்காதே. ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். லொம்ம்ம், மேம்ம்ம், குவாம்ம்ம். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ‘ம்ம்ம்’ என்று ஒன்று வருகிறதே, அது என்ன?”

செவலை யோசித்தது. வாயை மூடி மெல்லச் சொல்லிப் பார்த்தது.

“ம்… ம்ம்… ம்மா…”

பிறகு கழுத்தை நீட்டி, தொழுவமே அதிரக் கூப்பிட்டது.

“அம்மா!”

கல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கழுத்துமணி கிணுகிணுத்தது. புல்லை மிதித்துக் குளம்புகள் வந்தன. டொக்… டொக்… டொக்… பாதிக் கதவுக்கு மேல் ஒரு பெரிய பழுப்பு முகம் தெரிந்தது.

“அம்மா…” என்றது செவலையின் அம்மா. குழந்தையை ‘என்னம்மா?’ என்று கேட்போமே, அப்படி.

செவலை நொண்டி நொண்டிக் கதவருகே போய்ப் படுத்தது. அம்மா தலையைத் தாழ்த்தி நெற்றியை நக்கிக் கொடுத்தாள். சொரசொரப்பான நாக்கு, வெதுவெதுப்பான மூச்சு. மூச்சில் புல் வாசம், பால் வாசம்.

லொள்… என்றது மணி, தூக்கத்தில்.

மே… இரண்டு… என்றாள் பாட்டி.

குவா… என்றாள் அத்தை.

ஊ… என்று சொல்லிவிட்டு ஆந்தைத் தாத்தா சத்தமில்லாமல் பறந்து போனார்.

*கண்ணும் மூடிக்கொண்டது, கனவும் வந்துவிட்டது,*
*எங்கோ போன தூக்கமே, இங்கே வந்தது பக்கமே.*

ம்ம்ம்…